ரோல்ஸ் காசு 25 வருடத்தில் எவ்வளவு ஆகும்?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 32. ஹட்டன் டவுனில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். சம்பளம் 40,000 ரூபா. வீட்டுக்காரர் ஓட்டோ ஓடுகிறார். மகளுக்கு ஆறு வயது. நான்கு மணியானால் எனக்குப் பசி தாங்காது. பக்கத்துக் கடையில் ஒரு பால் தேநீரும் இரண்டு ரோல்ஸும் சாப்பிடுவேன், 260 ரூபா ஆகும். இந்த 260 ரூபாவைத் தினமும் சேமித்தால் 25 வருடத்தில் ஒரு கோடி 8 லட்சம் ஆகும் என்று போனில் ஒரு வீடியோ வந்தது. அதைப் பார்த்ததிலிருந்து ரோல்ஸ் தொண்டையில் இறங்கவில்லை. என் அம்மா தோட்டத்தில் 30 வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். 2020-இல் கிடைத்த சேமலாப நிதியைச் சேமிப்புக் கணக்கில் போட்டார். இரண்டு வருடத்தில் சாமான் விலையெல்லாம் ஏறி அந்தக் காசு கரைந்துபோனது. "காசைச் சேர்க்காதே, தங்கம் வாங்கு" என்கிறார். எனக்கு ஒரு சங்கிலி அடகில் இருக்கிறது. 90,000 ரூபா, வருட வட்டி 18 வீதம். போன வருடம் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைத்தேன். நான் எதைச் செய்வது?
– ஒரு சகோதரி, ஹட்டன்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அந்த வீடியோக்காரர் கணக்கில் பிழை விடவில்லை. நானும் போட்டுப் பார்த்தேன். வருடத்தில் 365 நாளும் 260 ரூபா எடுத்து வைத்து, அதற்கு வருடம் 11 வீத வட்டி கிடைத்து, அந்த வட்டி 25 வருடமும் ஒரு தடவைகூடக் குறையாமல் இருந்தால், அவர் சொன்ன ஒரு கோடி 8 லட்சம் சரியாக வருகிறது. கூட்டல் பெருக்கலில் குறையில்லை. கணக்கைத் தொடங்கும்போதே மூன்று இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி வைத்துவிட்டார், அவ்வளவுதான். அந்த மூன்றையும் உங்கள் வாழ்க்கையில் வைத்துப் பார்ப்போம்.

முதலாவது, நாள். நீங்கள் 365 நாளும் அந்தத் தேநீரைக் குடிப்பதில்லை. ஞாயிறு, போயா, தீபாவளி, பொங்கல், மகளுக்குக் காய்ச்சல் வந்து லீவு போட்ட நாள் எல்லாம் போனால் வருடத்துக்கு ஏறக்குறைய 300 நாள் மிஞ்சும். குடிக்காத தேநீரில் மிச்சம் பிடிக்க முடியாது.

இரண்டாவது, தொகை. காலையிலிருந்து நின்றுகொண்டு துணி விரித்துக் காட்டுகிறவருக்கு நான்கு மணிக்குப் பசிக்கத்தான் செய்யும். அந்த வயிற்றுக்கு ஏதாவது கொடுத்தாக வேண்டும். வீட்டிலிருந்து பிளாஸ்கில் தேநீரும் இரண்டு ரொட்டியும் கொண்டுபோனால் மா, தேங்காய், சீனி, காஸ் எல்லாம் சேர்த்து 60 ரூபாவாவது ஆகும். ஆகவே உங்கள் கையில் உண்மையாக மிஞ்சுவது 200 ரூபாதான். பட்டினி கிடந்து 260-ஐயும் சேர்க்கலாம் என்று யோசிக்காதீர்கள். பட்டினி கிடந்து சேர்க்கத் தொடங்கியவர்கள் இரண்டாம் மாதமே கைவிட்டதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, வட்டி. 11 வீதம் சில வருடங்களில் கிடைக்கலாம். 2022, 2023-இல் ஓராண்டு நிலையான வைப்புக்கு 20 வீதத்துக்கு மேலும் கொடுத்தார்கள். அப்புறம் அது மளமளவென்று இறங்கியது. 25 வருடத்துக்கான கணக்கை அடக்கமான வட்டியில் போடுவதுதான் நல்லது. நான் 8 வீதம் என்று வைக்கிறேன்.

நீங்களே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு

மகளின் கொப்பியில் ஒரு பக்கம் கிழித்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 200 ரூபா, 300 நாள், வருடத்துக்கு 60,000 ரூபா. இதைச் சாதாரணக் கணக்கில் சேர்த்து, வருட முடிவில் மொத்தமாக நிலையான வைப்பில் போடுகிறீர்கள். அடுத்த வருட முடிவில் அந்த 60,000-க்கு 4,800 ரூபா வட்டி வரும். அதோடு புதிதாக 60,000. ஆக மொத்தம் 1 லட்சத்து 24 ஆயிரத்து 800. மூன்றாம் வருடம் இந்தத் தொகை முழுவதுக்கும் 8 வீதம், அப்புறம் இன்னொரு 60,000. இப்படியே ஒவ்வொரு வருடமும் ஒரு பெருக்கல், ஒரு கூட்டல்.

ஐந்து வருடத்தில் 3 லட்சத்து 52 ஆயிரம் வரும். அதில் நீங்கள் போட்டது 3 லட்சம், வட்டி 52 ஆயிரம். இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்களுக்கு மனம் விட்டுப்போகிறது. "அஞ்சு வருஷம் ரொட்டி கட்டிக்கொண்டு போய் இவ்வளவுதானா?" என்று கேட்பார்கள். ஆனால் பத்தாவது வருடம் ஒரு விஷயம் நடக்கிறது. அந்த ஒரு வருடத்தில் மட்டும் கிடைக்கும் வட்டி கிட்டத்தட்ட 60,000 ரூபா ஆகிறது. அதாவது, அந்த வருடம் நீங்கள் போடும் அளவு காசை வைப்பும் தானாகப் போடுகிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் அது உங்களைவிட அதிகமாகப் போடும். பத்து வருடத்தில் 8 லட்சத்து 69 ஆயிரம், இருபது வருடத்தில் 27 லட்சத்து 45 ஆயிரம், 25 வருடத்தில் 43 லட்சத்து 86 ஆயிரம். நீங்கள் கையால் போட்டது 15 லட்சம் மட்டும்.

ஒரு கோடி 8 லட்சம் 44 லட்சமாகச் சுருங்கிவிட்டதே என்று வருத்தப்படாதீர்கள். முதலில் சொன்ன தொகை உங்களுக்குக் கிடைக்கவே போவதில்லை.

இந்த வளர்ச்சியில் ஒரு இடம் தெரியாமலே அறுந்துபோகும், அதைச் சொல்லிவிடுகிறேன். நிலையான வைப்பு திறக்கும்போது, வட்டி மாதாமாதம் வேண்டுமா, முதிர்வில் வேண்டுமா என்று படிவத்தில் கேட்பார்கள். மாதாமாதம் என்று போட்டால் அந்தச் சில்லறை சேமிப்புக் கணக்குக்கு வந்து, ரீலோடுக்கும் சீனிக்கும் போய்விடும். வட்டிக்கு வட்டி என்பது நடக்காது. அப்படிப் போனால் 25 வருடத்தில் போட்ட 15 லட்சமும், வந்து செலவான வட்டி 14 லட்சத்து 40 ஆயிரமும்தான், மொத்தம் 29 லட்சத்து 40 ஆயிரம். முதிர்வில் வட்டியை முதலோடு சேர்த்து மறுபடி ஒரு வருடத்துக்குப் புதுப்பிக்கும்படி எழுதிக்கொடுத்தால் 43 லட்சத்து 86 ஆயிரம். ஒரு கட்டத்தில் இடும் ஒரு கோடு, வித்தியாசம் 14 லட்சத்துக்கு மேல். பற்றுச்சீட்டைக் கையில் வாங்கியதும் அந்த வரியைத்தான் முதலில் வாசிக்க வேண்டும்.

அம்மா சொல்வதில் இருக்கும் உண்மை

உங்கள் அம்மாவின் அனுபவத்தைத் தள்ளிவைக்க எனக்கு மனமில்லை. 2022 செப்டம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண் முந்தைய வருடத்தைவிட 69.8 வீதம் ஏறியிருந்தது. அந்த நேரத்தில் சேமிப்புக் கணக்கில் காசு வைத்திருந்த எல்லோருக்கும் அது கரையத்தான் செய்தது. மழையிலும் அட்டைக்கடியிலும் எடுத்த கொழுந்தின் காசு கண்முன்னால் பாதியாகும்போது, வங்கியை எப்படி நம்புவது என்று அவர் கேட்பது நியாயமான கேள்வி.

ஆகவே 43 லட்சம் என்ற எண்ணையும் அப்படியே நம்பாதீர்கள். அது 25 வருடத்துக்குப் பிறகு இருக்கும் ரூபா. மத்திய வங்கி வைத்திருக்கும் இலக்கு வருடத்துக்கு 5 வீத விலையேற்றம். அந்த அளவில் நின்றாலே, இன்று 260 ரூபாவுக்குக் கிடைக்கும் தேநீரும் ரோல்ஸும் அப்போது 880 ரூபா ஆகியிருக்கும். 43 லட்சத்து 86 ஆயிரத்தை இன்றைய விலைக்கு மாற்றினால் 12 லட்சத்து 95 ஆயிரம்தான்.

"15 லட்சம் போட்டு 13 லட்சம்தானா?" என்று அம்மா உடனே கேட்பார். அந்த 15 லட்சமும் இன்றைய காசு இல்லை. இருபதாவது வருடம் நீங்கள் போடும் 60,000 இன்றைய 60,000-ஐவிட மிகவும் மெலிந்த காசு. போட்டதையும் இன்றைய விலைக்கு மாற்றினால் அது 8 லட்சத்து 45 ஆயிரம். அதற்குப் பதில் 12 லட்சத்து 95 ஆயிரம் கிடைக்கிறது. நட்டமில்லை, ஆனால் வீடியோவில் காட்டிய மலையும் இல்லை.

நான் சொல்லவந்ததே இதுதான். ரூபாவை விடுங்கள், தேநீரில் எண்ணிப் பாருங்கள். 25 வருடத்தில் நீங்கள் கடையில் குடிக்காமல் விடுவது 7,500 தேநீர். தினம் 200 ரூபா என்று கடைசிவரை ஒரே தொகையைப் போட்டுக்கொண்டிருந்தால், முடிவில் உங்களிடம் இருப்பது ஏறக்குறைய 5,000 தேநீருக்கான காசு. ஏன் குறைகிறது? பத்தாம் வருடம் கடையில் தேநீரின் விலை ஏறியிருக்கும், உங்கள் சேமிப்பு மட்டும் இன்னமும் 200-இலேயே நிற்கும். நீங்கள் விட்டது முழுத் தேநீர், சேர்த்தது அரைத் தேநீர். மீதி அரை எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது, வேறு செலவில் கலந்திருக்கும்.

அதனால் தொகையை விலையோடு ஏற்றுங்கள். முதல் வருடம் தினம் 200, அடுத்த வருடம் 210, அதற்கு அடுத்தது 220. வருடத்துக்கு 5 வீதம். முதல் ஏற்றம் ஒரு நாளைக்குப் பத்து ரூபாதான். 25-ஆவது வருடம் அது 645 ரூபாவாக இருக்கும். இன்று கேட்கப் பயமாக இருக்கிறது, ஆனால் அன்றைய சம்பளமும் அன்றைய ரோல்ஸ் விலையும் அதற்கேற்ற அளவில்தான் இருக்கும். இப்படிச் செய்தால் முடிவில் 69 லட்சத்து 24 ஆயிரம். இன்றைய விலையில் 20 லட்சத்து 45 ஆயிரம். தேநீரில் சொன்னால் ஏறக்குறைய 7,900. நீங்கள் விட்டது 7,500, அத்தனை நாளும் வீட்டு ரொட்டியும் தேநீரும் சாப்பிட்டிருக்கிறீர்கள். அதற்கு மேல் இது.

எந்த மாதத்தில் ஏற்றுவது என்று குழம்ப வேண்டாம். பக்கத்துக் கடைக்காரர் ரோல்ஸ் விலையை ஏற்றுகிற அன்று நீங்களும் ஏற்றுங்கள்.

2022 மாதிரி இன்னொரு வருடம் வந்தால்? வராது என்று என்னால் சொல்ல முடியாது. வந்தால் இந்த வைப்பும் அடி வாங்கும். அதற்காகத்தான் முழுக் காசையும் ஐந்து வருடத்துக்குப் பூட்டாதீர்கள் என்று சொல்கிறேன். ஐந்து வருட வைப்பில் வட்டி கொஞ்சம் கூடக் கிடைக்கலாம். ஆனால் 2021-இல் அப்படிப் பூட்டியவர்கள், அடுத்த வருடம் பக்கத்தில் இருப்பவருக்கு 20 வீதம் கிடைக்கும்போது பழைய வட்டியோடு இருக்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு வருடமாகப் புதுப்பித்தவர்கள் இழந்ததில் ஒரு பகுதியையாவது மீட்டார்கள்.

தங்கம் பற்றி. 2022-இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360-ஐத் தொட்டபோது தங்கம் வைத்திருந்தவர்களின் கை தாழவில்லை. அம்மா கண்ணால் பார்த்தது அது. ஆனால் நகையாக வாங்கினால் செய்கூலியும் சேதாரமும் கொடுத்து வாங்குகிறோம், விற்கும்போது அவை திரும்பி வராது. அதோடு நகை எப்போதும் கண்ணில் படும் பொருள், அவசரத்துக்கு முதலில் அடகுக்குப் போவதும் அதுதான். உங்கள் சங்கிலியே சாட்சி. சில வருடங்களுக்கு ஒரு தடவை, சேர்ந்த தொகையில் நான்கில் ஒரு பங்குக்கு நாணயமாகத் தங்கம் வாங்கி வைத்தால் அம்மாவின் பயத்துக்கும் பதில் இருக்கும். முழுவதையும் அதில் போட வேண்டாம்.

முதலில் சங்கிலி

இவ்வளவு சொல்லிவிட்டு, முதல் ரூபாவை வங்கியில் போடாதீர்கள் என்று சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். 8 வீதம் கிடைக்கும் வைப்பை ஒரு கையிலும், 18 வீதம் தின்னும் அடகை இன்னொரு கையிலும் வைத்திருப்பது, மேல் தாங்கியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கீழ்க் குழாயைத் திறந்து விடுவதுதான். 90,000 ரூபாவுக்கு வருட வட்டி 16,200. போன வருடம் அதைக் கட்டினீர்கள், சங்கிலி ஒரு கண்ணிகூட வீட்டுக்கு வரவில்லை.

தேநீர்க் காசு மாதம் 5,000 ரூபா. அதை மாதாமாதம் அடகுக்கே கட்டுங்கள். பகுதி பகுதியாகக் கட்ட விடுவார்களா, கட்டியதும் மீதித் தொகைக்கு மட்டும்தான் வட்டி போடுவார்களா என்று வைத்த இடத்தில் கேட்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள். அப்படியானால் ஏறக்குறைய 21 மாதத்தில் சங்கிலி உங்கள் கழுத்துக்கு வந்துவிடும்.

"இரண்டு வருடம் வீணாகிறதே, 25 வருடக் கணக்கு குறையாதா?" என்றால், குறையும். 25-க்குப் பதில் 23 வருடம் போட்டால், ஒரே தொகைக் கணக்கில் 7 லட்சத்து 33 ஆயிரம் குறைகிறது. ஆனால் அடகை மீட்காமல் வருடா வருடம் கட்டப்போகும் 16,200 ரூபா இருக்கிறதே, அதை 8 வீதத்தில் 25 வருடம் போட்டிருந்தால் 11 லட்சத்து 84 ஆயிரம் ஆகியிருக்கும். அதோடு 90,000 ரூபாக் கடனும் அப்படியே நிற்கும். மீட்டுவிட்டுத் தொடங்குவதுதான் லாபம். குழுக்கடன், நாள் வட்டி, வாரத் தவணை என்று வீட்டில் வேறு கடன் இருந்தாலும் இதே வழிதான், எதன் வட்டி அதிகமோ அது முதலில் அடைய வேண்டும். கடிதத்தில் அப்படி ஒன்றும் எழுதவில்லை, ஓட்டோவுக்கு லீசிங் இருந்தால் அதையும் எடுத்துப் பாருங்கள்.

காசு எந்த வழியாகப் போக வேண்டும்

தேநீர் குடிக்காமல் விட்டதாலேயே 200 ரூபா சேர்ந்துவிடாது. கைப்பையில் இருக்கும் 200 ரூபா வீட்டுக்குப் போகும் வழியில் மகளுக்கு பிஸ்கட்டாகவும் பஸ் காசாகவும் மாறிவிடும். சம்பளம் வங்கிக்கு வருகிறது என்றால், சம்பளம் விழும் அன்றே 5,000 ரூபா வேறு கணக்குக்கு மாறும்படி எழுதிக்கொடுத்துவிடுங்கள். அந்தக் கணக்குக்கு ஏ.டி.எம். அட்டை வாங்காதீர்கள். சம்பளம் கையில் தருகிறார்கள் என்றால், சம்பள நாளுக்கு மறுநாள் தேசிய சேமிப்பு வங்கிக்குப் போங்கள். தபாலகத்திலும் அந்த வங்கியின் சேமிப்பைப் போடலாம். அதில் இருக்கும் காசுக்கு அரசாங்கம் முழுப் பொறுப்பு. மற்ற வங்கிகளிலும் அனுமதி பெற்ற நிதிக் கம்பனிகளிலும் வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 லட்சம் வரைதான். உங்கள் தொகை அதைத் தாண்டப் பன்னிரண்டு வருடம் ஆகும், ஆனாலும் இப்போதே ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பலர் இதற்குச் சீட்டுக் கட்டுகிறார்கள். சீட்டு கெட்டது என்று சொல்லமாட்டேன், நாலு பேருக்குப் பயந்தாவது காசு கட்டுவோம். ஆனால் சீட்டில் காசு சேரும், வளராது. பிடிப்பவர் ஊரை விட்டுப் போனால் கேட்க நாதியில்லை. வருடத்துக்குள் 60,000 சேர்க்க ஒரு பன்னிரண்டு மாதச் சீட்டுப் போடலாம், கடைசிக் கையை எடுத்து நேராக வைப்பில் போட்டுவிட வேண்டும். மாதம் 5 வீதம், 10 வீதம் தருகிறோம், இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துவிடுங்கள் என்று யாராவது வந்தால், அது வங்கிச் சட்டம் தடைசெய்த பிரமிட் வியாபாரம். வருகிறவர் சொந்தக்காரராகவே இருந்தாலும் சரி.

வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 ஏப்ரலில் இருந்து வட்டியில் 10 வீதம் வரியாகப் பிடித்துக்கொள்கிறார்கள். 8 வீதம் 7.2 ஆகிவிடும். 25 வருடத்தில் அது 4 லட்சத்து 80 ஆயிரம் ரூபாவைக் கொண்டுபோகும். ஆனால் வருட வருமானம் 18 லட்சத்துக்கு உட்பட்டவர்கள் வங்கியில் சுயபிரகடனப் படிவம் கொடுத்தால் அந்த வரியைப் பிடிக்கமாட்டார்கள். உங்கள் வருமானம் வருடத்துக்கு 4 லட்சத்து 80 ஆயிரம். தற்செயலாக இரண்டும் ஒரே எண். படிவத்தைக் கேட்டு வாங்குங்கள், நீங்களாகக் கேட்காவிட்டால் யாரும் எடுத்துத் தரமாட்டார்கள்.

நடுவில் எடுக்கும் கை

தலவாக்கலையில் வங்கி வேலையில் இருந்தபோது ஒருவர், சொப்பிங் பையில் நான்காக மடித்து வைத்திருந்த பாஸ் புத்தகத்தை என் மேசையில் விரித்தார். "பதினொரு வருஷமாப் போடுறேன் ஐயா, வட்டி ஏன் ஏறவே மாட்டேங்குது?" என்று கேட்டார். பக்கம் பக்கமாகப் புரட்டினேன். ஒரு மாதம் தவறாமல் வரவு இருந்தது. ஒவ்வொரு வருடமும் தீபாவளிக்கு முந்தைய வாரம் ஒரே ஒரு பற்றும் இருந்தது, அதற்குக் கீழே மீதி 500 ரூபா. பதினொரு தீபாவளி, பதினொரு 500. அவர் ஒன்றும் ஊதாரி இல்லை, பிள்ளைகளுக்கு உடுப்பு எடுத்தார். ஆனால் அவருடைய காசுக்கு ஒரு வருடத்துக்கு மேல் வயது ஆகவே இல்லை. காசுக்கு வயதானால்தான் வட்டி.

உங்கள் கணக்கிலேயே பாருங்கள். பத்தாவது வருடம் 8 லட்சத்து 69 ஆயிரம் இருக்கும்போது மகளுக்குப் பதினாறு வயது. சாமத்தியச் சடங்குக் கடனோ ஓ.எல். வகுப்புக் காசோ நெருக்கும், "அதுதான் இருக்கிறதே" என்று எல்லோரும் அதைப் பார்ப்பார்கள். முழுவதையும் எடுத்துவிட்டு மறுபடி 60,000-இல் இருந்து தொடங்கினால், மீதிப் பதினைந்து வருடத்தில் 16 லட்சத்து 29 ஆயிரம்தான் சேரும். அன்று எடுத்த 8 லட்சத்து 69 ஆயிரம் அப்படியே இருந்திருந்தால் தனியாக 27 லட்சத்து 57 ஆயிரம் ஆகியிருக்கும்.

எடுக்கவே கூடாது என்று சொல்லமாட்டேன். பிள்ளையின் படிப்பைவிடப் பெரிய முதலீடு நம் மக்களுக்கு இல்லை. அதற்கு வேறு ஒரு சிறு கணக்கு வையுங்கள். சங்கிலி மீண்ட பிறகு, வருடா வருடம் வட்டியாகக் கட்டிய 16,200 ரூபா மிச்சம் இருக்கும் அல்லவா? அதைத் தீபாவளிக்கும் திடீர்ச் செலவுக்குமாக மகள் பெயரில் தனியாகச் சேருங்கள். தேநீர்க் காசு இருக்கும் கணக்கைப் பற்றி வீட்டில் உங்கள் கணவரைத் தவிர யாரும் அறிய வேண்டியதில்லை.

சனிக்கிழமை மாலையில் மட்டும், உங்கள் கூட வேலை செய்யும் பெண்களோடு கடைக்குப் போய்த் தேநீர் குடியுங்கள். அதனால் 25 வருடத்தில் ஏழரை லட்சம் குறையும் என்று என் கணக்கு சொல்கிறது. இருந்தாலும் போய்க் குடியுங்கள். அந்த அரை மணி நேரம் இல்லாமல் மற்ற ஐந்து நாளும் ரொட்டி கட்டிக்கொண்டு போக உங்களால் முடியாது.

நீங்கள் கேட்காத ஒன்று

துணிக்கடையில் உங்களுக்குச் சேமலாப நிதி கட்டுகிறார்களா? கடிதத்தில் அது பற்றி ஒன்றுமே இல்லை, எனக்கு அதுதான் உறுத்துகிறது. 1958-ஆம் ஆண்டின் சட்டப்படி ஒரே ஒரு ஆளை வேலைக்கு வைத்திருந்தாலும் கட்ட வேண்டும். சம்பளத்தில் உங்கள் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம். அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி 3 வீதம். 40,000 ரூபாச் சம்பளத்துக்குச் சேமலாப நிதி மட்டும் மாதம் 8,000 ரூபா. நாம் இவ்வளவு நேரம் பேசிய தேநீர்க் காசு மாதம் 5,000. முதலாளி கட்ட வேண்டிய 4,800-உம் அதற்குக் கிட்டத்தட்டச் சமம், அதற்காக நீங்கள் ஒரு ரோல்ஸைக்கூட விட வேண்டியதில்லை.

சம்பளச் சீட்டில் சேமலாப நிதிக் கழிவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உங்கள் அங்கத்துவ இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு, அரையாண்டுக் கூற்று வருகிறதா என்று கவனியுங்கள். கழித்துவிட்டுக் கட்டாமல் இருக்கும் இடங்களும் உண்டு. சீட்டே தருவதில்லை என்றால் முதலில் முதலாளியிடம் மரியாதையாகக் கேளுங்கள். பதில் இல்லையென்றால் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். வேலை போய்விடும் என்ற பயம் எனக்கும் புரிகிறது. அதனால் எதையும் பேசுவதற்கு முன் எந்தத் தேதியில் வேலைக்குச் சேர்ந்தீர்கள், ஒவ்வொரு மாதமும் எவ்வளவு வாங்கினீர்கள் என்பதற்கு ஏதாவது எழுத்து ஆதாரத்தைச் சேர்த்து வையுங்கள், வங்கிக் கூற்றானாலும் போதும்.

இன்று இரவே அடகுச் சீட்டை எடுத்துக் கடைசித் தேதியைப் பாருங்கள். அந்தத் தேதிக்கு மூன்று மாதத்துக்குள் இருந்தால், முதல் 5,000-ஐக் கட்டும்போதே தவணையை நீட்டித்து எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஏலத்துக்குப் போய்விடும். சீட்டில் இருப்பதையும், சேமலாப நிதி பற்றிக் கடையில் சொல்வதையும் எனக்கு எழுதுங்கள். மீதியைப் பார்ப்போம்.